முதல் ஆர்டர் கூப்பன் ஏற்கப்படவில்லையா? காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழி

டெலிவரி செயலியில் இப்போதுதான் கணக்குத் தொடங்கியிருக்கிறீர்கள். இதுவரை ஓர் ஆர்டர்கூடப் போட்டதில்லை. ஆனாலும் முதல் ஆர்டர் கூப்பனை இட்டதும் "இந்தச் சலுகை உங்கள் கணக்குக்குப் பொருந்தாது" என்று திரையில் வருகிறது. என் தங்கையின் கணக்கில் இதே சிக்கலைத் தீர்க்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. வாடிக்கையாளர் சேவையிலிருந்து ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்ததே தவிர, காரணம் என்ன என்று யாரும் சொல்லவில்லை. காரணத்தை நாங்களே கண்டுபிடித்து எழுதிய பிறகுதான் வேலை நடந்தது. அந்த வழியை இங்கே வரிசையாகத் தருகிறேன்.

நீங்கள் புதியவரா இல்லையா என்பதைச் செயலி உங்கள் பெயரை வைத்து முடிவு செய்வதில்லை. பொதுவாக நான்கு அடையாளங்களைப் பார்க்கிறது: உள்நுழையும் கைபேசி எண், கையில் இருக்கும் கருவி, பணம் செலுத்தும் அட்டை, டெலிவரி முகவரி. இவற்றில் ஏதாவது ஒன்று வேறொருவரின் பழைய ஆர்டரில் இடம்பெற்றிருந்தாலும் கூப்பன் மறுக்கப்படலாம். அந்த ஒன்று எது என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை.

அதுவரை ஆர்டரை உறுதி செய்துவிடாதீர்கள். "இந்த முறை முழு விலைக்கே வாங்கிக்கொள்வோம், கூப்பனைப் பிறகு பார்ப்போம்" என்று ஒருமுறை ஆர்டர் போட்டுவிட்டால் நீங்கள் உண்மையிலேயே பழைய வாடிக்கையாளர் ஆகிவிடுவீர்கள். அதன்பின் எந்தச் சான்றும் உதவாது. கீழே சொல்லும் சோதனைகள் எல்லாவற்றையும் பணம் செலுத்தும் பொத்தானுக்கு முந்தைய திரைவரை சென்று, பணம் கட்டாமலே செய்துவிடலாம்.

1. கூப்பன் யாருக்கானது என்று முதலில் படியுங்கள்

கூப்பனுக்குக் கீழே சிறிய எழுத்தில் "விதிமுறைகள்" அல்லது "விவரங்கள்" என்று ஓர் இணைப்பு இருக்கும். அதைத் திறந்து முழுவதும் படியுங்கள். படித்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சலுகை முடிந்ததும் அந்தப் பக்கம் செயலியிலிருந்து மறைந்துவிடும். பிறகு வாதாட உங்களிடம் எதுவும் இருக்காது.

எல்லாக் கூப்பன்களையும் மக்கள் "முதல் ஆர்டர் கூப்பன்" என்றே சொன்னாலும் அவற்றில் பல வகை உண்டு. ஒரு வகை, அந்தச் செயலியில் இதுவரை எதுவுமே வாங்காதவருக்கானது. இன்னொரு வகை, ஒரு குறிப்பிட்ட பிரிவில் முதல்முறை வாங்குபவருக்கானது. ஒரே செயலியில் உணவும் மளிகையும் மருந்தும் விற்பவர்கள் இப்படிப் பிரித்துக் கொடுப்பார்கள். மளிகைக்கான கூப்பனை உணவகக் கூடையில் இட்டால் செல்லாது. மூன்றாவது வகை, குறிப்பிட்ட கடையில் முதல்முறை வாங்குபவருக்கானது. நான்காவதாக, நெடுநாள் ஆர்டர் போடாமல் இருக்கும் பழைய வாடிக்கையாளரைத் திரும்ப அழைக்கும் கூப்பன். இதைப் புதியவர் இட்டால் மறுக்கப்படும், அதுவும் சரிதான்.

கூப்பன் உங்கள் கைக்கு எப்படி வந்தது என்பதையும் யோசியுங்கள். மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ ஒருவருக்கென அனுப்பப்படும் குறியீடு பெரும்பாலும் அவருடைய கணக்கோடு கட்டப்பட்டது. நண்பர் அதை உங்களுக்கு அனுப்பினாலும் உங்கள் கணக்கில் வேலை செய்யாது. கூப்பன்களைத் தொகுத்துப் போடும் இணையதளங்களில் கிடைப்பவற்றில் பலவும் இந்த வகைதான்.

பரிந்துரைக் குறியீடு என்பது இன்னொரு தனி வகை. நண்பர் அனுப்பும் இணைப்பைத் திறந்து, அதன் வழியாகவே கணக்குத் தொடங்கியிருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. முதலில் நேரடியாகக் கணக்குத் தொடங்கிவிட்டு, பிறகு அந்தக் குறியீட்டைக் கூடையில் உள்ள கூப்பன் பெட்டியில் இட்டால் "தவறான குறியீடு" என்றுதான் வரும். உங்கள் சிக்கல் இதுவானால் மீதிப் படிகளைத் தாண்டி நேரே 7ஆம் படிக்குப் போகலாம்.

2. கூடைக் கணக்கைச் சரிபார்த்து அந்தக் காரணத்தை ஒதுக்குங்கள்

கணக்கின் வரலாற்றைச் சந்தேகிப்பதற்கு முன் கூடையைச் சந்தேகியுங்கள். பல செயலிகள் எந்தக் காரணத்துக்காக மறுத்தாலும் "கூப்பன் செல்லாது" என்று ஒரே வாசகத்தைத்தான் காட்டுகின்றன.

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் குறைந்தபட்சத் தொகை. உங்கள் கூப்பனுக்குக் குறைந்தபட்சம் 300 என்று வைத்துக்கொள்வோம். பொருள்களின் விலை 340. கடை தன் பங்காக 50 தள்ளுபடி தருகிறது. டெலிவரிக் கட்டணம் 30, வரி 15. திரையின் அடியில் மொத்தம் 335 என்று தெரியும். 300ஐத் தாண்டிவிட்டோமே என்று தோன்றும். ஆனால் குறைந்தபட்சத் தொகை பெரும்பாலும் பொருள்களின் விலையை மட்டும், அதுவும் கடைத் தள்ளுபடி போன பிறகு கணக்கிடுகிறது. 340இல் 50 போனால் 290. கூப்பன் விழாது.

சோதனை எளிது. கூடையில் குறைந்தபட்சத் தொகையைப் போல ஒன்றரை மடங்கு வரும்வரை பொருள்களைச் சேருங்கள். தள்ளுபடி ஏதும் இல்லாத கடையாகத் தேர்ந்தெடுங்கள். நேரில் எடுத்துக்கொள்வது என்பதை விட்டு டெலிவரி என்று மாற்றுங்கள். ஏற்கெனவே தானாக ஒட்டிக்கொண்ட வேறு சலுகை, முக்கியமாக "முதல் டெலிவரி இலவசம்" போன்றது, இருந்தால் அதை நீக்குங்கள். ஓர் ஆர்டருக்கு ஒரு சலுகை என்பது பொதுவான விதி. குறியீட்டை நகலெடுத்து ஒட்டாமல் கையால் தட்டச்சு செய்யுங்கள், ஏனென்றால் ஒட்டும்போது கடைசியில் ஓர் இடைவெளி சேர்ந்துவிடுவதுண்டு. இவ்வளவுக்குப் பிறகும் அதே மறுப்பு வந்தால் கூடை காரணமில்லை. அந்தக் கூடையையும் மறுப்பு வாசகத்தையும் நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

அடுத்தடுத்து பத்துக் குறியீடுகளை இட்டுப் பார்க்காதீர்கள். வேகமாகப் பல குறியீடுகளை முயல்வதை, யாரோ குறியீட்டை ஊகித்துப் பிடிக்கப் பார்க்கிறார் என்று செயலி எடுத்துக்கொண்டு கூப்பன் பெட்டியையே சிறிது காலம் பூட்டிவிடக்கூடும்.

3. கைபேசி எண்ணுக்குப் பழைய கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள்

கணக்கு வரலாற்றுச் சிக்கல்களில் இதுதான் எளிதில் கண்ணில் படாதது. ஒருவர் பயன்படுத்தாமல் விட்ட எண்ணைத் தொலைபேசி நிறுவனங்கள் சில காலம் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கின்றன. உங்களுக்கு அது புது எண். செயலிக்கு அது ஏற்கெனவே ஆர்டர் போட்ட எண்.

கண்டுபிடிக்கும் வழி உள்நுழையும்போதே இருக்கிறது. எண்ணைக் கொடுத்து ஓடிபி இட்டதும் செயலி உங்கள் பெயரையும் மின்னஞ்சலையும் கேட்டதா, அல்லது நேரே முகப்புப் பக்கத்துக்குக் கொண்டுபோனதா? கேட்டிருந்தால் அந்த எண்ணுக்குக் கணக்கு இருந்திருக்க வாய்ப்பு குறைவு. கேட்காமல் முகப்புக்குப் போயிருந்தால் நீங்கள் ஏற்கெனவே இருந்த ஒரு கணக்குக்குள் நுழைந்திருக்கிறீர்கள். சுயவிவரப் பக்கத்தைத் திறந்தால் தெரிந்துவிடும்: வேறொருவர் பெயர், தெரியாத முகவரி, பழைய ஆர்டர்கள்.

அப்படி இருந்தால் அங்கே எதையும் தொடாதீர்கள். பெயரை மாற்றுவது, சேமித்த அட்டையைப் பயன்படுத்துவது, பணப்பையில் இருக்கும் தொகையைச் செலவழிப்பது எதுவும் வேண்டாம். அது இன்னொருவரின் கணக்கு; அந்தப் பணமும் அவருடையது. அவர் பெயரோ முகவரியோ வெளியே தெரியாதபடி, ஆர்டர்கள் இருக்கின்றன என்பதை மட்டும் காட்டும் ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும். உடனே வெளியேறுங்கள். சேவைப் பிரிவுக்கு எழுதும்போது "இந்த எண் இப்போது என்னுடையது, பழைய கணக்கிலிருந்து இதைப் பிரித்துத் தாருங்கள்" என்று கேளுங்கள். சிம் எப்போது உங்கள் பெயரில் வந்தது என்பதைக் காட்டும் ரசீதோ தொலைபேசி நிறுவனத்தின் குறுஞ்செய்தியோ இதற்கு முக்கியமான ஆவணம். இந்த வகை முறையீட்டை நிறுவனங்கள் அலட்சியம் செய்வது கடினம், ஏனென்றால் வேறொருவரின் தகவல் உங்கள் கண்ணில் படுவது அவர்களுக்கே பெரிய தலைவலி.

எண் புதிது, பெயர் கேட்டது, ஆர்டர் பக்கமும் காலி என்றால் அடுத்த படி.

4. உங்களுக்கே இரண்டு கணக்குகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்

செயலியில் கைபேசி எண் வழியாகவும், கூகுள் வழியாகவும், ஆப்பிள் வழியாகவும் உள்நுழையலாம் என்றால், ஒவ்வொரு வழியும் தனிக் கணக்கைத் திறந்திருக்கலாம். ஆப்பிள் வழியாக உள்நுழையும்போது மின்னஞ்சலை மறைக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்திருந்தால் உங்கள் உண்மையான முகவரிக்குப் பதில் `@privaterelay.appleid.com` என்று முடியும் ஒரு முகவரிதான் செயலிக்குப் போயிருக்கும். பின்னர் உண்மையான மின்னஞ்சலைக் கொடுத்து நுழைந்தால் செயலிக்கு நீங்கள் இரண்டு பேர். வரவேற்புக் கூப்பன் ஒரு கணக்கில் கிடக்கும், நீங்கள் நிற்பது மற்றொன்றில்.

உங்கள் அஞ்சல் பெட்டியில் செயலியின் பெயரைத் தேடுங்கள். வரவேற்பு மடல் இரண்டு வந்திருந்தால் கணக்கும் இரண்டு. எதில் கூப்பன் வந்ததோ அதில் உள்நுழைந்து முயலுங்கள். இரண்டிலும் ஆர்டர் எதுவும் இல்லை என்றால் இது பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும்.

5. கருவி காரணமா என்று சோதியுங்கள்

என் தங்கையின் சிக்கல் இங்கேதான் இருந்தது. அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

அவளுடைய எண் புதிது. பதிவின்போது பெயர் கேட்டது. ஆர்டர் பக்கம் காலி. கூடையில் குறைந்தபட்சத் தொகையைவிட நிறையவே இருந்தது. ஆனாலும் கூப்பனை இட்ட அடுத்த நொடியே மறுப்பு. அவள் கையில் இருந்த கைபேசி முன்பு என்னுடையது. அதே செயலியில் என் கணக்கிலிருந்து அந்தக் கைபேசி வழியாக நான் ஆர்டர் போட்டிருக்கிறேன். செயலியை நீக்கி மறுபடி நிறுவினோம், ஒன்றும் மாறவில்லை.

ஏன் மாறவில்லை என்பதற்குக் காரணம் உண்டு. கருவியை நினைவில் வைத்துக்கொள்ளச் செயலிகளுக்கு நியாயமான வழிகளே இருக்கின்றன. ஆப்பிள், டிவைஸ்செக் என்ற வசதியைச் செயலி உருவாக்குபவர்களுக்குத் தருகிறது. ஒவ்வொரு கருவிக்கும் இரண்டே இரண்டு பிட் தகவலை ஆப்பிளின் சர்வரில் பதிந்துவைக்கலாம். "இந்தக் கருவியில் அறிமுகச் சலுகை பயன்படுத்தப்பட்டுவிட்டது" என்று குறிப்பதற்கு அதைப் பயன்படுத்தலாம் என்று ஆப்பிளே விளக்குகிறது. அந்தத் தகவல் கைபேசியில் இல்லை என்பதால் செயலியை நீக்கினாலும், கைபேசியையே முழுதாக அழித்தாலும் அது போகாது. ஆண்ட்ராய்டில் 8.0 பதிப்பு முதல் ஒவ்வொரு செயலி நிறுவனத்துக்கும் கருவிக்கான அடையாள எண் தனித்தனியாகக் கிடைக்கிறது. முழு அழிப்பு செய்தால் அது மாறும். செயலியை நீக்கி மீண்டும் நிறுவுவதால் மாறாது. ஆக, பயன்படுத்திய கைபேசியை வாங்கியவர்களும், வீட்டில் ஒருவர் விட்டதை இன்னொருவர் எடுத்துக்கொண்டவர்களும் இந்தத் தடையில் மாட்டுவது இயல்பு.

நாங்கள் செய்த சோதனை இது. அதே கணக்கில், கணினியின் உலாவி வழியாக உள்நுழைந்தோம். அதே கடை, அதே பொருள்கள், அதே கூப்பன். தள்ளுபடி உடனே விழுந்தது. கணக்கிலும் எண்ணிலும் குறை இல்லை, கைபேசிதான் காரணம் என்று அப்போது உறுதியானது. பணம் கட்டவில்லை. இரண்டு திரைகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, விதிமுறைப் பக்கத்தை மறுபடி படித்தோம். "ஒருவருக்கு ஒருமுறை" என்று மட்டும் இருந்தது. கருவியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதை மேற்கோள் காட்டித்தான் சேவைப் பிரிவுக்கு எழுதினோம்.

இந்தச் சோதனைக்கு இரண்டு வரம்புகள் உண்டு. கூப்பன் செயலியில் மட்டும் செல்லும் என்று விதி இருந்தால் உலாவியில் மறுக்கப்படுவது எதையும் நிரூபிக்காது. பதிவு செய்த நேரத்திலேயே கணக்கின்மேல் குறி விழுந்திருந்தால் வேறு கருவிக்கு மாறினாலும் மறுப்பு தொடரும். ஆகவே உலாவியில் ஏற்கப்பட்டால் கருவிதான் காரணம் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். ஏற்கப்படாவிட்டால் கருவி காரணமில்லை என்று சொல்ல முடியாது.

விதிமுறையில் "ஒரு கருவிக்கு ஒன்று" என்று தெளிவாக எழுதியிருந்தால் நிலைமை வேறு. அது விதி, உலாவி வழியாக அதைச் சுற்றிப் போகக் கூடாது. சேவைப் பிரிவிடம் கருணையாகக் கேட்டுப் பார்க்கலாம், உரிமையாகக் கேட்க முடியாது.

6. கூடையில் விழுந்து, பணம் கட்டும்போது மறைகிறதா?

இது தனி வகை. அதிலும் ஆபத்தான வகை. கூப்பன் இட்டதும் தள்ளுபடி விழுகிறது, மனம் நிம்மதியாகிறது, அட்டையைத் தேர்ந்தெடுத்து உறுதி செய்கிறீர்கள், முழுத் தொகையும் போய்விடுகிறது. எண்ணையும் கருவியையும் செயலி கூப்பன் இட்ட உடனே பார்த்துவிடும். அட்டையையும் முகவரியையும் நீங்கள் தேர்ந்தெடுத்த பிறகுதான் பார்க்க முடியும். தாமதமாக வரும் மறுப்பு இந்த இரண்டில் ஒன்றைத்தான் சுட்டும்.

உங்கள் அட்டை எண்ணைச் செயலி சேமித்து வைத்திருக்க வேண்டிய அவசியமில்லை. பணப் பரிமாற்றச் சேவைகள் ஒவ்வோர் அட்டை எண்ணுக்கும் மாறாத ஓர் அடையாளச் சரத்தைக் கொடுக்கின்றன; ஸ்ட்ரைப் நிறுவனம் இதைக் கைரேகை என்றே அழைக்கிறது. இரண்டு கணக்குகளில் ஒரே அட்டை வந்தால் சரமும் ஒன்றாக இருக்கும். கணவரின் அட்டையை மனைவியின் புதிய கணக்கில் சேர்த்தால், கணவர் ஏற்கெனவே வாடிக்கையாளர் என்றால், கூப்பன் கழன்றுவிடுவது இதனால்தான்.

சோதிக்கும் முறை: அட்டையை மாற்றிப் பாருங்கள், ஆனால் உங்கள் சொந்தப் பெயரில் இருப்பதாக மட்டும். மாற்றியதும் தள்ளுபடி நிலைத்தால் அட்டைதான் காரணம். டெலிவரியின்போது ரொக்கம் தருவதைத் தேர்ந்தெடுத்துச் சோதிக்க வேண்டாம். பல கூப்பன்கள் ரொக்கத்துக்குச் செல்லாது, அதனால் விடை குழம்பும். அட்டை எதுவானாலும் மறைகிறது என்றால் முகவரியைப் பாருங்கள். "ஒரு வீட்டுக்கு ஒன்று" என்ற விதி பல சலுகைகளில் உண்டு. வீட்டில் வேறொருவர் அதைப் பயன்படுத்தியிருந்தால் அந்தச் சலுகை உங்களுக்கு இல்லை, முறையிடவும் இடமில்லை. முன்பு குடியிருந்தவர் பயன்படுத்தியிருந்தால் மட்டும் வழி உண்டு: நீங்கள் குடிவந்த தேதியைக் காட்டும் வாடகை ஒப்பந்தத்தின் முதல் பக்கமோ ஏதாவது கட்டண ரசீதோ துணைநிற்கும்.

எந்தச் சோதனையிலும் பழக்கமாகக் கொள்ள வேண்டியது: உறுதி செய்யும் பொத்தானை அழுத்துவதற்கு முன், கடைசித் திரையில் உள்ள இறுதித் தொகையைப் படியுங்கள். முந்தைய திரையின் தொகையை நம்பாதீர்கள்.

இங்கேயே ரத்தான ஆர்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதல் ஆர்டரைக் கூப்பனோடு போட்டு, கடை அதை ரத்து செய்துவிட்டால், பணம் திரும்புவதும் கூப்பன் திரும்புவதும் வெவ்வேறு காரியங்கள். பணம் வங்கி வழியாகச் சில வேலைநாள்களில் வந்துவிடும். கூப்பன் சில செயலிகளில் தானாகத் திரும்பும், சிலவற்றில் கேட்டால்தான் கிடைக்கும். கேட்கும்போது ரத்து செய்தது கடைதான் என்பதைக் காட்டும் அறிவிப்பை இணையுங்கள். நீங்களே ரத்து செய்திருந்தால் பெரும்பாலும் அது பயன்படுத்தப்பட்டதாகவே கணக்கிடப்படும். கடை தயாரிக்கத் தொடங்கியிருந்தால் ரத்துக் கட்டணமும் சேரலாம்.

7. சேவைப் பிரிவுக்கு எழுதுங்கள்

எழுதுவதற்கு முன் இவற்றை ஒரே கோப்புறையில் சேர்த்துக்கொள்ளுங்கள்:

- கூப்பனும் அதன் விதிமுறையும் தெரியும் ஸ்கிரீன்ஷாட்
- கூடையும் மறுப்பு வாசகமும், நேரத்தோடு
- காலியான ஆர்டர் பக்கம்
- கணக்குத் தொடங்கிய தேதியைக் காட்டும் வரவேற்பு மடல்
- நீங்கள் கண்டுபிடித்த காரணத்துக்கான சான்று: சிம் ரசீது, பழைய கைபேசி வாங்கிய ரசீது, குடிவந்த தேதி ஆகியவற்றில் பொருந்துவது ஒன்று

ஓடிபி, முழு அட்டை எண், அட்டையின் பின்புற எண் ஆகியவற்றை யார் கேட்டாலும் தராதீர்கள். அட்டையை அடையாளம் காட்டக் கடைசி நான்கு இலக்கங்கள் போதும்.

உதவிப் பக்கத்தில் ஒரு சங்கடம் இருக்கிறது. அது "எந்த ஆர்டரைப் பற்றி?" என்று கேட்டுத்தான் தொடங்கும், உங்களுக்கோ ஆர்டரே இல்லை. அந்தப் பட்டியலுக்குக் கீழே "கணக்கு" அல்லது "சலுகைகள்" என்ற பிரிவு இருக்கும், அதில் நுழையுங்கள். அரட்டையில் தொடங்கினாலும் மின்னஞ்சலிலும் அதையே அனுப்புங்கள். அரட்டை மூடியதும் மறையலாம், மடல் நிற்கும்.

எங்களுக்குப் பலன் தந்த மடலின் வடிவம் இது:

> வணக்கம். என் கணக்கு இந்த எண்ணில் (கடைசி நான்கு இலக்கங்கள்) இந்தத் தேதியில் தொடங்கப்பட்டது. இதுவரை ஆர்டர் எதுவும் போடவில்லை. முதல் ஆர்டர் கூப்பன் கைபேசிச் செயலியில் மறுக்கப்படுகிறது. அதே கணக்கில் உலாவியில் ஏற்கப்படுகிறது. இந்தக் கைபேசி முன்பு என் குடும்பத்தவர் ஒருவரிடம் இருந்தது. உங்கள் விதிமுறை "ஒருவருக்கு ஒருமுறை" என்று கூறுகிறது. கருவி பற்றிய நிபந்தனை அதில் இல்லை. சலுகை இந்தத் தேதியில் முடிகிறது. அதற்குள் கூப்பனைச் செயல்படுத்தித் தாருங்கள், அல்லது அதே மதிப்பைப் பணப்பையில் வரவு வையுங்கள். முடியாதெனில் எந்த விதியின்படி மறுக்கப்பட்டது என்று எழுத்தில் தெரிவியுங்கள். சான்றுகள் இணைப்பில்.

இதில் கோபம் இல்லை, கதை இல்லை. காரணம், விதி, காலக்கெடு, கேட்பது என்ன என்ற நான்கும் இருக்கின்றன. "கூப்பன் வேலை செய்யவில்லை, உதவுங்கள்" என்று மட்டும் எழுதினால் விதிமுறையை நகலெடுத்து ஒட்டிய பதில்தான் வரும். எங்களுக்கும் முதலில் அதுவே வந்தது. இந்த மடலுக்குப் பிறகுதான் விவகாரம் மேலதிகாரியிடம் போய், தங்கையின் பணப்பையில் அதே மதிப்பு வரவு வைக்கப்பட்டது. அப்படி வரும் வரவுக்கும் காலாவதித் தேதி உண்டு. வந்ததும் அதைப் பாருங்கள்.

8. செய்யக் கூடாதவை

கணக்கை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதுதான் பலர் சொல்லும் யோசனை. அது பயன் தராது. பல நேரம் கேடும் செய்யும். அழிப்புக் கோரிக்கை நிறைவேறும்வரை அதே எண்ணில் மறுபடி பதிய முடியாமல் போகலாம். மோசடியைத் தடுப்பதற்காக எண்ணின் தடயத்தை நிறுவனம் தனியே வைத்திருக்கலாம். பணப்பையில் இருக்கும் தொகையும் வரவேண்டிய திருப்பித் தொகையும் சிக்கிக்கொள்ளும். எல்லாவற்றையும்விட, இப்போதுவரை தவறாக அடையாளம் காணப்பட்ட நேர்மையான புதியவராக இருக்கும் நீங்கள், அதன்பின் கணக்கை அழித்து அழித்துத் திறப்பவராகப் பதிவாகிவிடுவீர்கள்.

மின்னஞ்சலில் புள்ளி சேர்த்துப் புதுக் கணக்குத் தொடங்குவதும் அப்படித்தான். ஜிமெயில் முகவரியில் புள்ளிகளுக்கு மதிப்பு இல்லை என்பது செயலி எழுதுபவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

தேடுபொறியில் கிடைக்கும் "வாடிக்கையாளர் சேவை" எண்களை அழைக்காதீர்கள். கூப்பனைச் சரிசெய்வதாகச் சொல்லி ஓடிபி கேட்பதும், திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்வதும் நன்கு தெரிந்த மோசடி முறைகள். செயலிக்குள்ளே இருக்கும் உதவிப் பக்கமும் அங்கே தரப்பட்ட மின்னஞ்சலும் மட்டுமே வழி.

9. காலமும் செலவும்

இந்த முறையீட்டுக்குக் கட்டணம் எதுவும் கிடையாது. யாராவது கேட்டால் அது மோசடி. கவனிக்க வேண்டியது காலம்தான். கூப்பனின் கடைசி நாளன்று எழுதாதீர்கள். பதில் வருவதற்குள் அது முடிந்துவிடும். கடைசி நாளுக்கு முன்பே முறையிட்டதற்கான சான்று உங்கள் கையில் இருந்தால், சலுகை முடிந்த பிறகும் அதைக் காட்டிக் கேட்கலாம். சில கூப்பன்களுக்கு மொத்தம் இத்தனை பேர் என்ற உச்சவரம்பு உண்டு. அது தீர்ந்துவிட்டால் தேதி மிச்சமிருந்தும் செல்லாது. அப்போது மறுப்புக்கும் உங்கள் கணக்குக்கும் தொடர்பில்லை.

செயலி உங்களைப் பற்றி வைத்திருக்கும் தகவலின் நகலைக் கேட்கும் வசதி பல நாடுகளின் சட்டத்தில் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிகளின்படி பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். கூப்பனைக் காப்பாற்ற அது மிகத் தாமதம். ஆனால் எண் வேறொருவர் கணக்கோடு சேர்ந்து கிடக்கிறது என்ற சந்தேகம் இருந்தால் கேட்டு வைக்கலாம், ஏனென்றால் அந்தச் சிக்கல் அடுத்த கூப்பனிலும் தொடரும்.

கடைசியாக, மறுப்பே உறுதி என்று பதில் வந்தால், விட்டுவிடுவதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். 50 சதவீதம், உச்சவரம்பு 100 என்ற கூப்பனுக்காக 300க்குக் கூடையை நிரப்பினால் கிடைப்பது 100தான். செயலியிலேயே எல்லோருக்கும் கிடைக்கும் கடைத் தள்ளுபடி 340இல் 50 என்றால், வித்தியாசம் வெறும் 50. அதற்கு இன்னும் எத்தனை மடல்கள் எழுதலாம் என்பதை அந்தத் தொகையைப் பார்த்து நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். எண்ணில் வேறொருவரின் கணக்கு ஒட்டிக்கொண்டிருக்கும் நிலை மட்டும் விதிவிலக்கு. அதைத் தொகை எவ்வளவானாலும் விடாதீர்கள், பிரித்துத் தந்ததாக எழுத்தில் பதில் வரும்வரை கேளுங்கள்.